சிரித்துக்கொண்டே சொன்ன ‘சரி’யும் சனிக்கிழமை எரிச்சலும்

கேள்வி: எனக்கு 36 வயது, தனியார் பள்ளியில் டீச்சர். யார் என்ன கேட்டாலும் சரி என்று சொல்லிவிடுவேன். என் கணவரின் அக்கா சனிக்கிழமை தோறும் தன் இரண்டு பிள்ளைகளை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போவார். ஸ்கூலில் யார் லீவ் போட்டாலும் அந்தப் பீரியட் என் தலையில்தான். எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே செய்துவிட்டு, ராத்திரி வீட்டுக்காரரிடமும் மகளிடமும் எரிந்து விழுகிறேன். இப்போதெல்லாம் அண்ணியின் போன் வந்தாலே வெறுப்பாக இருக்கிறது. அவர் கெட்டவர் இல்லை. ஏன் இப்படி ஆகிறது? உறவு கெடாமல் எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்:

வேலையின் அளவு மட்டும் இந்த வெறுப்பைக் கொண்டுவந்திருக்க முடியாது. கோடை விடுமுறை முழுக்க அக்கா பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொண்டு, ஊருக்கு அனுப்பும்போது கண்கலங்கும் பெண்களும் இருக்கிறார்கள். செய்கிற வேலை ஒன்றுதான். சரி என்ற பதில் எதற்காக வாயிலிருந்து வந்தது என்பதில்தான் வித்தியாசம். பிள்ளைகள் வரட்டுமே என்ற ஆசையில் வந்ததா, மாட்டேன் என்றால் அண்ணியின் முகம் மாறிவிடுமே என்ற பயத்தில் வந்ததா?

அமெரிக்காவில் எமிலி இம்பெட் என்ற உளவியலாளரும் அவரது சகாக்களும் 2005இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத்தான் பிரித்துப் பார்த்தது. காதல் உறவில் இருந்த இளைஞர்கள், துணைக்காக அன்றன்று எதை விட்டுக்கொடுத்தார்கள், ஏன் விட்டுக்கொடுத்தார்கள் என்று தினமும் எழுதினார்கள். துணைக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்த நாட்களில் அவர்களுக்கும் மனம் நிறைவாக இருந்தது. சண்டை வந்துவிடக் கூடாது என்று விட்டுக்கொடுத்த நாட்களில் எரிச்சலும் மனச்சுமையும் கூடின. அதைவிட, உறவில் சண்டையும் கூடியது. காதலர்களிடம் எடுத்த ஆய்வை நாத்தனார் உறவுக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனால் ஆலோசனைக்கு வருகிற குடும்பங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதே கதையை. பயத்தில் செய்த உதவியை மனசு உதவியாகவே வரவு வைத்துக்கொள்வதில்லை. பிடுங்கிக்கொண்டார்கள் என்றுதான் எழுதிக்கொள்கிறது.

அப்படி எழுதிக்கொண்டே போனால் ஒரு கணக்கு சேரும். நம் ஊர் மொய் நோட்டை நினைத்துப் பாருங்கள். யார் எவ்வளவு எழுதினார்கள் என்பது பந்தலில் எல்லோர் முன்னாலும் ஏறுகிறது. எழுதியவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும், அடுத்த விசேஷத்தில் திரும்பி வரும் என்பதும் தெரியும். அதனால்தான் அந்த ஏற்பாடு இத்தனை காலமாக ஓடுகிறது. உங்களிடம் இருப்பது நீங்கள் மட்டும் எழுதி, நீங்கள் மட்டும் படிக்கிற மொய் நோட்டு. அண்ணிக்கு அப்படி ஒரு நோட்டு இருப்பதே தெரியாது. அவர் திருப்பிச் செய்யவில்லை என்று உங்களுக்குக் கோபம் வருகிறது. அவரோ, பிள்ளைகள் வருவதில் உனக்குச் சந்தோஷம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். நம்பாமல் என்ன செய்வார், சிரித்துக்கொண்டுதானே கதவைத் திறக்கிறீர்கள்?

அந்த நோட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கசக்கும். அதிலுள்ள தொகை நிஜத்தைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இருவர் 1979இல் வெளியிட்ட ஆய்வில், கணவன் மனைவியரிடம் வீட்டு வேலைகளில் தன் பங்கு எவ்வளவு என்று தனித்தனியே கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலும் நூறு சதவீதத்தைத் தாண்டியது. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. நாம் செய்தது நமக்கு ஒவ்வொரு நிமிஷமாக ஞாபகம் இருக்கும். மற்றவர் செய்தது நம் கண்ணில் பட்ட அளவுக்குத்தான் ஞாபகம் இருக்கும். உங்கள் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது அண்ணி ஆஸ்பத்திரிக்கு வந்து உட்கார்ந்திருக்கலாம். அது நோட்டில் ஏறியிருக்குமா என்பது சந்தேகம்தான். உங்கள் கோபம் பொய் என்று சொல்ல வரவில்லை. அண்ணியிடம் பேசப்போகும்போது அந்த நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். இந்த விஷயத்துக்கு மறுபடியும் வருகிறேன்.

கேட்பவருக்கு நம் சங்கடம் ஏன் தெரிவதில்லை என்பதற்கும் ஒரு விளக்கம் உண்டு. ஃபிராங்க் ஃபிளின், வனெசா லேக் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்களிடம் போய் ஒரு சின்ன உதவி கேட்கச் சொல்லி ஆட்களை அனுப்பினார்கள். எத்தனை பேரிடம் கேட்டால் வேலை முடியும் என்று போகும் முன்பே அவர்களை ஊகிக்கச் சொன்னார்கள். ஊகித்ததில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் கேட்டதுமே வேலை முடிந்துவிட்டது. உதவி கேட்பவர், இந்த வேலை எவ்வளவு பெரியது என்று மட்டும் யோசிக்கிறார். கேட்கப்பட்டவருக்கோ முகத்துக்கு நேரே எப்படி மறுப்பது என்பதே பெரிய பாரமாக இருக்கிறது. அந்தப் பாரம் கேட்பவர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. “முடியலைன்னா சொல்லிடு” என்று அண்ணி சொல்லியிருப்பார். மனசாரத்தான் சொல்லியிருப்பார். அதைச் சொல்வது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவருக்குத் தெரியாது.

அப்படியானால் இந்தப் பழக்கம் ஏன் விடமாட்டேன் என்கிறது? சரி என்றதும் கிடைக்கிற நிம்மதிதான் காரணம். வெள்ளிக்கிழமை ராத்திரி போன் அடிக்கிறது. வயிற்றில் ஒரு பிசைவு. “நாளைக்குப் பசங்களை விட்டுட்டுப் போகட்டுமா?” “சரி அண்ணி.” பிசைவு உடனே போய்விடுகிறது. விலை கொடுப்பது மறுநாள், சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தத்தில். பலன் இப்போதே, விலை பிறகு என்று இருக்கும் எந்தப் பழக்கமும் ஆழமாக வேரூன்றும். ஒவ்வொரு முறை சரி என்னும்போதும், பதற்றம் தீர இதுதான் வழி என்று உடம்பு மறுபடியும் படித்துக்கொள்கிறது. எரிச்சலை அண்ணியிடம் காட்டப் பயம். கோபித்தாலும் விட்டுப் போகாதவர்கள் என்று தெரிந்த இரண்டு பேர் வீட்டில் இருக்கிறார்கள், அவர்கள்மேல் இறங்குகிறது.

ஆகவே திருத்த வேண்டிய இடம் சனிக்கிழமை இல்லை. போன் வந்து பதில் சொல்வதற்குள் போகிற அந்த ஐந்து விநாடி.

எது முடியும், எது முடியாது என்று எல்லை வைக்க ஆரம்பிக்கும்போது மாட்டேன் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். “நோ சொல்லப் பழகுங்கள்” என்று யூட்யூபில் ஆவேசமாகப் பேசுகிறவர்களை நம் வீடுகளுக்குள் வைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும். வருஷத்தில் பத்து விசேஷத்தில் ஒரே பந்தியில் உட்கார வேண்டியவரிடம் வெடுக்கென்று முடியாது என்றால் அது ஆறு மாதம் பேசப்படும். முதலில் பழக வேண்டியது, பதிலைத் தள்ளிப்போடுவது. “பார்த்துட்டு ராத்திரி எட்டு மணிக்குள்ள சொல்றேன்.” அவ்வளவுதான். இதில் மறுப்பே இல்லை, அதனால் பயமும் குறைவு. ஆனால் அந்த ஐந்து விநாடி உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. பதற்றம் தானாக இறங்கிய பிறகு யோசித்தால், நிஜமாகவே செய்ய ஆசை இருக்கிறதா என்பது உங்களுக்கே தெரியும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. எட்டு மணி என்று சொன்னால் எட்டு மணிக்குள் நீங்களே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், செய்வதாக இருந்தாலும் செய்யாவிட்டாலும். பதில் சொல்லாமல் போனை சைலன்ட்டில் போடுவதும், வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழாமல் பார்த்துக்கொள்வதும் எல்லை ஆகாது, ஒளிந்துகொள்வதுதான். அடுத்த முறை போன் வரும்போது பிசைவு இன்னும் கூடும்.

இதையும் அண்ணியிடம் முதலில் முயற்சி செய்யாதீர்கள். பயத்தைப் படிப்படியாகத் தாண்டவைக்கும் சிகிச்சை முறை உளவியலில் பழையது. ஜோசஃப் வோல்ப்பே 1950களிலேயே அதை முறைப்படுத்திவிட்டார். ஒரு தாளில், உங்களிடம் வழக்கமாக யார் யார் என்னென்ன கேட்கிறார்கள் என்று எழுதுங்கள். மறுப்பதை நினைத்தாலே எவ்வளவு படபடக்கிறது என்று பத்துக்கு மதிப்பெண் போடுங்கள். பக்கத்து வீட்டம்மா ஆன்லைனில் டிக்கெட் போட்டுத்தரச் சொல்வது இரண்டாக இருக்கலாம். ஸ்டாஃப் ரூமில் பிறந்தநாள் கேக்குக்குக் காசு வசூலிக்கும் வேலை உங்களிடமே வருவது மூன்று. சக டீச்சர் நேரே வந்து, “என் பீரியட் கொஞ்சம் பார்த்துக்கோங்க டீச்சர்” என்பது ஐந்து. அண்ணி எட்டு, மாமியார் ஒன்பது. இரண்டிலும் மூன்றிலும் இருந்து ஆரம்பியுங்கள். தள்ளிப்போட்டுப் பதில் சொன்னால் யாரும் செத்துப்போவதில்லை என்பதை உடம்பு நேரில் பார்க்க வேண்டும், புத்திக்குத் தெரிந்தால் போதாது. எட்டில் ஆரம்பித்தவர்கள் பெரும்பாலும் முதல் அடியிலேயே பின்வாங்கி, இது எனக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

சின்னவற்றில் கை பழகிய பிறகு சனிக்கிழமைக்கு வரலாம். முதலில் அந்த நாளைப் பிரித்துப் பாருங்கள். பிள்ளைகள் காலை ஒன்பதரைக்கு வருகிறார்கள், ராத்திரி ஏழு மணிக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஒன்பதரை மணி நேரத்தில் எது உங்களைக் குத்துகிறது? பிள்ளைகள்தான் பிரச்சினை என்று நினைத்து வருகிறவர்கள், பேசப் பேச வேறு எதையோ கண்டுபிடிப்பார்கள். சிலருக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குச் சொல்வது. சிலருக்கு ஐந்து மணிக்கு வருகிறேன் என்றுவிட்டு ஏழுக்கு வருவது. பெரியவன் இட்லி வேண்டாம், நூடுல்ஸ்தான் வேண்டும் என்று அடம்பிடித்து, சமையல் இரண்டு முறை நடப்பது. உங்களுக்கு, வாரத்தில் நோட்டுத் திருத்தக் கிடைக்கிற ஒரே நாள் போவதுதான் என்று வையுங்கள். அப்படியானால் கேட்க வேண்டியது பிள்ளைகளே வேண்டாம் என்பதல்ல. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை முழுசாக வேண்டும், மற்ற இரண்டில் மத்தியானத்துக்கு மேல் வேண்டும். குத்துகிற இடத்தை மட்டும் வெட்டினால் எல்லை சின்னதாக இருக்கும், சின்னதாக இருந்தால்தான் நிற்கும்.

பேசுவதற்கு முன்பு வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்பதாகச் சொல்ல வேண்டாம், தகவலாகச் சொல்லுங்கள். “அக்காதானே, ஒரு நாள்தானே” என்பார். அதற்கு வாதம் செய்து ஜெயிக்க வேண்டியதில்லை. அவரிடம் நீங்கள் வாங்க வேண்டிய வாக்கு ஒன்றே ஒன்று: அக்கா தனியாக அவருக்குப் போன் செய்தால், “அவகிட்டயே பேசிக்கோக்கா” என்று சொல்ல வேண்டும். நிறையப் பேர் இங்கே கணவரையே தூது அனுப்பிவிடுகிறார்கள். அது வேண்டாம். தம்பி வந்து சொன்னால், அவள்தான் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறாள் என்றுதான் அர்த்தம் ஆகும். அதன் பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் எடுபடாது.

பேசும் நாள் வெள்ளிக்கிழமை ராத்திரியாக இருக்கக் கூடாது. அப்போது மறுத்தால் மறுநாள் காலை பிள்ளைகளை எங்கே விடுவது என்று அவர் தவித்துப்போவார், தவிக்கவிட்டீர்கள் என்பதுதான் நிற்கும். செவ்வாய், புதன் வாக்கில், எந்தக் கேட்பும் நிலுவையில் இல்லாத நேரத்தில் நீங்களே கூப்பிடுங்கள். ஏறக்குறைய இப்படி:

“அண்ணி, பசங்க இங்க வர்றது எனக்குப் பிடிக்கும். ஆனா எல்லாச் சனிக்கிழமையும் என்னால முடியலை. அடுத்த மாசத்துலருந்து முதல் சனி, மூணாவது சனி வரட்டும். மத்தியானம் சாப்பிட்டுட்டு மூணு மணிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. மத்த ரெண்டு சனிக்கிழமை ஸ்கூல் வேலை முடிக்கணும்.”

சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இந்த முழுப் பேச்சிலும் கஷ்டமான பகுதி இதுதான். மறுமுனையில் இரண்டு மூன்று விநாடி மௌனம் வரும். அந்த மௌனத்தை நிரப்ப, எல்லோரையும் திருப்திப்படுத்திப் பழகிய வாய் துடிக்கும். “ஆனா ரொம்ப அவசரம்னா பரவாயில்லை அண்ணி, விட்டுட்டுப் போங்க” என்று தானாக வந்துவிடும். அது வந்துவிட்டால் சொன்னது எல்லாம் போயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை ரொம்ப அவசரமாகத்தான் இருக்கும்.

அவர் பெரும்பாலும், “ஏன், பசங்க ரொம்பத் தொந்தரவு பண்றாங்களா?” என்று கேட்பார். குரலில் கொஞ்சம் வருத்தம் இருக்கும். “அப்படியெல்லாம் இல்லை அண்ணி. ரெண்டு சனிக்கிழமைன்னா எனக்குச் சமாளிக்க முடியும்.” இதைத் தாண்டி விளக்கம் வேண்டாம். புதுப்புதுக் காரணங்களை அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு தீர்வு இருக்கும். தலைவலி என்றால், மாத்திரை போட்டுப் படுத்துக்கோ, அவங்க டிவி பார்த்துட்டு இருப்பாங்க. சமையல் கஷ்டம் என்றால், நான் டப்பாவில் கட்டிக்கொடுத்துவிடுகிறேன். அவர் மேல் தப்பில்லை, பிரச்சினையைச் சொன்னால் தீர்வு சொல்வது மனித சுபாவம். பொய்க் காரணம் இன்னும் மோசம். ஊருக்குப் போகிறோம் என்று சொன்னால் அன்றைக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.

பழைய கணக்கை இந்தப் பேச்சில் எடுக்கவே கூடாது. “மூணு வருஷமா நான்தான் பார்த்துட்டு இருக்கேன்” என்று ஆரம்பித்தால் பேச்சு முழுக்க அந்த மூன்று வருஷத்துக்குப் போய்விடும். நீ ஏன் அப்போதே சொல்லவில்லை என்று அவர் கேட்பார், அந்தக் கேள்வி நியாயமானதும்கூட. பல வீடுகளில் எல்லை என்ற பெயரில் நடப்பது இதுதான். வருஷக்கணக்கில் வாய்மூடி இருந்துவிட்டு, ஒரு நாள் சின்ன விஷயத்துக்கு மொத்தமாக வெடிப்பது. கேட்பவர்களுக்கு அது திடீர்ப் பைத்தியமாகத் தெரியும். வெடித்தவர் குற்ற உணர்ச்சியில் முன்பைவிட அதிகமாகச் செய்ய ஆரம்பிப்பார். நோட்டு மறுபடியும் நிரம்பும்.

பேசி முடித்ததோடு வேலை முடிந்துவிடாது, அடுத்த சில வாரங்கள்தான் பரீட்சை. எப்போதும் கிடைத்துக்கொண்டிருந்தது திடீரென்று நின்றால், கேட்பவர் முதலில் கூடுதலாகக் கேட்டுப்பார்ப்பது இயல்பு. நடத்தை உளவியலில் ஆய்வுக்கூடப் பிராணிகளிடமே பார்த்த விஷயம் இது. பொத்தானை அழுத்தினால் தீனி வராது என்றதும் புறா உடனே விட்டுவிடாது, முதலில் இன்னும் வேகமாகக் கொத்தும். சார்ல்ஸ் ஃபெர்ஸ்டரும் பி.எஃப். ஸ்கின்னரும் 1957இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு காட்டிய இன்னொரு விஷயம் உங்களுக்கு இன்னும் முக்கியம். எப்போதும் பலன் தரும் பழக்கத்தைவிட, சில முறை தந்து சில முறை தராமல் இருக்கும் பழக்கம் அழிய ரொம்ப நாளாகும்.

இதை அப்படியே உங்கள் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். இரண்டாவது சனிக்கிழமை அண்ணி கேட்கிறார், மறுக்கிறீர்கள். மறுபடி கேட்கிறார், மறுக்கிறீர்கள். அத்தை மூலம் சொல்லியனுப்புகிறார், மறுக்கிறீர்கள். நான்காம் முறை குரல் தழுதழுக்கிறது, சரி என்றுவிடுகிறீர்கள். நீங்கள் மூன்று முறை உறுதியாக இருந்ததாக நினைப்பீர்கள். அவர் கற்றுக்கொண்டதோ, நான்கு முறை கேட்க வேண்டும் என்பது. அடுத்த மாதம் நேரே நான்காம் முறையின் குரலில்தான் ஆரம்பிப்பார். இதற்கு எல்லையே வைக்காமல் இருந்திருக்கலாம்.

அதற்காக எந்த நிலையிலும் இளகக் கூடாது என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரி, சாவு வீடு, அவருக்கு ஆபீஸில் தவிர்க்க முடியாத வேலை என்று எவை விதிவிலக்கு என்பதை முன்கூட்டியே உங்களுக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள். அப்படி ஒன்று வந்தால் முதல் முறை கேட்கும்போதே சரி என்றுவிடுங்கள். “இந்த வாரம் மட்டும் வரட்டும் அண்ணி, அடுத்த வாரம் எப்பவும் போலத்தான்.” கொடுப்பதாக இருந்தால் முதல் கேட்பிலேயே கொடுப்பது, இல்லையென்றால் எத்தனை முறை கேட்டாலும் அதே பதில், அதே குரலில். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் வராது.

அத்தை கட்டாயம் பேசுவார். “அவ மனசு கஷ்டப்படுதும்மா” என்பார். அண்ணி அப்படியா சொன்னார், யார் யாரிடம் சொன்னார் என்று விசாரிக்கப் போகாதீர்கள். “எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு அத்தை. ரெண்டு சனிக்கிழமை பசங்க இங்கதானே இருக்காங்க” என்று முடித்துக்கொள்ளுங்கள். அண்ணி ஓரிரு மாதம் முகம் கொடுத்துப் பேசாமலும் இருக்கலாம். பிள்ளைகளை வேறு இடத்தில் விட ஆரம்பித்து, வருகிற இரண்டு சனிக்கிழமையும் நிறுத்திக்கொள்ளலாம். அப்படி நடந்தால் வலிக்கும், அதைத் தவிர்க்கும் வழி என்னிடமும் இல்லை. அந்தச் சமயத்தில் சமாதானப்படுத்த எல்லையைத் திரும்பப் பெறாமல், வழக்கமான மரியாதையை மட்டும் குறைக்காமல் இருங்கள். தீபாவளிக்குப் பலகாரம் போகட்டும், பிள்ளைகள் பிறந்தநாளுக்கு முதல் போன் உங்களுடையதாக இருக்கட்டும்.

உங்களுக்குள் குற்ற உணர்ச்சியும் வரும், அதுவும் பிள்ளைகள் வராத முதல் சனிக்கிழமையில் வீடு அமைதியாக இருக்கும்போது நிறையவே வரும். தப்பு செய்தால் மட்டும் வருகிற உணர்ச்சி இல்லை அது. பழக்கத்தை மாற்றினாலும் வரும். சிறு வயதிலிருந்து “எதுக்கும் இல்லைன்னு சொல்லாத பொண்ணு” என்ற பாராட்டில் வளர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். அதைத் தணிக்க, பிள்ளைகள் வருகிற சனிக்கிழமையில் பிரியாணியும் கேசரியுமாகச் செய்து குவிக்கிறீர்களா என்று உங்களையே கவனியுங்கள். ஓரிடத்தில் மறுத்ததை இன்னோரிடத்தில் அபராதமாகக் கட்டிக்கொண்டிருந்தால் களைப்பு இடம் மாறியிருக்கிறது, குறையவில்லை.

சரியாகப் போகிறதா என்று எப்படித் தெரியும்? அண்ணி சந்தோஷமாக இருக்கிறாரா என்பதை வைத்து அளக்காதீர்கள், அதற்கு நாளாகும், உங்கள் கையிலும் இல்லை. வெள்ளிக்கிழமை போன் அடிக்கும்போது வயிறு என்ன சொல்கிறது என்று பாருங்கள். முதல் சனிக்கிழமை பிள்ளைகள் வந்திருக்கும்போது, ஒரு கண் கடிகாரத்தில் இல்லாமல் அவர்களோடு கேரம் ஆட உட்கார முடிகிறதா? அன்று ராத்திரி மகளிடம் குரல் எப்படி இருந்தது? இவை மாறத் தொடங்கினால் எல்லை சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. இரண்டு மாதம் கழித்தும் மாறவில்லை என்றால், குத்துகிற இடத்தைத் தவறாகக் கணித்திருக்கலாம். நோட்டுத் திருத்தம்தான் காரணம் என்று நினைத்திருப்பீர்கள், நிஜமான காரணம் அண்ணி ஒரு தடவைகூட “உனக்கு வசதிப்படுமா?” என்று கேட்காததாக இருக்கலாம். அப்படியானால் நாட்களைக் குறைத்துப் பயனில்லை. என் வசதியைக் கேட்காமல் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்பதைத்தான் பேச வேண்டும்.

ஸ்கூல் விஷயம் சுருக்கமாக. அங்கே இரண்டு வகை உண்டு. சக டீச்சர் நேரே வந்து கேட்பதை மேலே சொன்ன மாதிரியே கையாளலாம். பிரின்சிபால் அல்லது கோ-ஆர்டினேட்டர் போடும் சப்ஸ்டிடியூஷனை மறுக்கிற அதிகாரம் உங்களுக்குப் பெரும்பாலும் இருக்காது, மறுத்தால் வேலைக்கே பங்கம் வரலாம். அங்கே மறுக்காமல், எது முதலில் என்று கேளுங்கள். “இந்தப் பீரியடை எடுத்துக்கிறேன் மேடம். அப்போ எட்டாம் வகுப்பு பேப்பர் இன்னைக்கு முடியாது, நாளைக்குத் தரலாமா?” ஒரு வேலையை ஏற்றால் இன்னொன்று தள்ளிப்போகும் என்பது கொடுப்பவருக்குத் தெரிய வேண்டும். இதுவரை அந்த இரண்டாவது வேலையை நீங்கள் ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டில் முடித்துக் கொடுத்துவிடுவதால் யாருக்குமே தெரிந்திருக்காது.

கடைசியாக, இவை எல்லாம் முகம் கோணும், நாலு பேச்சு வரும் என்ற அளவில் இருக்கும் வீடுகளுக்கு. மறுத்தால் அடி விழும், சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள், வீட்டை விட்டுத் துரத்துவார்கள் என்ற நிலையில் இருப்பவர் எல்லை வைத்துப் பரிசோதித்துப் பார்ப்பது ஆபத்து. அவர்கள் முதலில் பாதுகாப்பைப் பார்க்க வேண்டும், பெண்களுக்கான உதவி எண் 181. அதேபோல எரிச்சலைத் தாண்டி, தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பு இல்லாமல் வாரக்கணக்கில் போகிறது என்றால் அது சனிக்கிழமைப் பிரச்சினை மட்டும் இல்லை. மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416இல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.